பாசி பிரஸ்ஸில் ராடு நெளியாமல் இருக்க: முழு நீட்டலில் சிலிண்டரைத் தூணாகக் கணக்கிடும் முறை

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் காய்ந்த கடல்பாசியைப் பொதியாகக் கட்ட ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருப்பவர்களுக்கும், அதைச் செய்துகொடுக்கும் பட்டறைக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கும் இந்தக் கட்டுரை. பிரஸ்ஸின் சிலிண்டரை மாற்றும்போது எல்லாரும் கேட்பது இரண்டே கேள்விதான்: போர் எனும் உள்விட்டம் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு? இந்த இரண்டும் தெரிந்தால் எத்தனை டன் அழுத்தும் என்று சொல்லிவிடலாம். ஆனால் அத்தனை டன்னை அந்த ராடு தாங்குமா என்பதற்கு இந்த இரண்டிலும் பதில் இல்லை. அதற்கு ராட்டின் விட்டமும், முழுதாக நீண்ட நிலையில் சிலிண்டரின் நீளமும், இரு முனைகளும் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கின்றன என்பதும் வேண்டும்.

ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து, இரண்டு அங்குலத்துக்கு ஒடித்து, நுனியில் விரலை வைத்து மேசைமேல் அழுத்திப் பாருங்கள். விரல்தான் வலிக்கும், ஈர்க்கு நிற்கும். அதே ஈர்க்கை ஒரு அடி நீளத்துக்கு விட்டு அழுத்தினால், வலிப்பதற்கு முன்பே அது பக்கவாட்டில் வில்லாக வளைந்துவிடும். ஈர்க்கின் பலம் குறையவில்லை, நீளம்தான் கூடியது. அழுத்தம் தாங்கும் எந்த மெலிந்த தண்டுக்கும் இதுவே விதி. பொருள் நசுங்குவதற்கு வெகு முன்னதாகவே தண்டு பக்கவாட்டில் நெளிந்துவிடும். பட்டறையில் இதை பக்லிங் என்பார்கள், இங்கே நெளிவு என்று சொல்லலாம்.

பிரஸ் சிலிண்டருக்கு இது குறிப்பாகப் பொருந்தக் காரணம் உண்டு. பாசிப் பெட்டியில் தகடு இறங்க ஆரம்பிக்கும்போது எதிர்ப்பே இருக்காது, காய்ந்த பாசி பஞ்சுபோல் அமுங்கும். ராடு நீள நீளத்தான் பொதி இறுகி எதிர்க்கிறது. ஆக, ராடு மிக நீளமாக, மிக மெலிவாக நிற்கும் கடைசி நேரத்தில்தான் பிரஷர் உச்சத்துக்கு ஏறுகிறது. டிப்பர் டிரெய்லரில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: தூக்கத் தொடங்கும்போது சுமை அதிகம், முழுதாகத் தூக்கியபின் குறைவு. அதனால் டிப்பரில் நன்றாக ஓடிய சிலிண்டர் என்று சொல்லி யாராவது விற்றால், பிரஸ்ஸுக்கு அது சான்று ஆகாது.

எடுத்துக்கொள்ளும் பிரஸ்

மேலிருந்து கீழாக அழுத்தும் ஒரு பிரஸ்ஸை வைத்துப் பார்ப்போம். சிலிண்டரின் போர் 100 மி.மீ., ராடு 50 மி.மீ., ஸ்ட்ரோக் 700 மி.மீ. இரண்டு முனையிலும் கண், அதில் பின். மேல் கண் குறுக்கு பீமிலும், கீழ்க் கண் அழுத்தும் தகட்டிலும் மாட்டியிருக்கிறது. பிரஷர் எல்லை தாண்டினால் திறந்து எண்ணெயை விடும் ரிலீஃப் வால்வு 160 பாரில் வைக்கப்பட்டிருக்கிறது. பல காலமாக ஒழுங்காக ஓடுகிறது.

இப்போது பெட்டியின் உயரத்தைக் கூட்டி ஒரே தடவையில் அதிகப் பாசி போட வேண்டும் என்று 1000 மி.மீ. ஸ்ட்ரோக் சிலிண்டர் கேட்கிறார்கள். “அண்ணே, போர் அதேதான், ராடு அதேதான், பம்பும் அதேதான். முன்னூறு மில்லி நீளம் மட்டும் கூட்டிக் கொடுங்க” என்பதுதான் கோரிக்கை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

படி 1: ராடு தாங்க வேண்டிய விசை

விசையை ரிலீஃப் வால்வு திறக்கும் பிரஷரில் கணக்கிடுங்கள். “வழக்கமா 90, 100 பாருக்கு மேல முள்ளு போறதில்ல” என்பதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. என்றைக்காவது ஈரப்பாசி மாட்டும், கட்டியாக உறைந்த உப்பு மாட்டும், லீவரைப் பிடித்திருப்பவர் கவனிக்காமல் விடுவார். அன்றைக்குப் பிரஷர் வால்வு திறக்கும்வரை ஏறும்.

பிஸ்டனின் பரப்பு 100 மி.மீ. விட்டத்துக்கு 7854 சதுர மி.மீ. ஒரு பார் என்பது சதுர மி.மீட்டருக்கு 0.1 நியூட்டன். ஆகவே:

```
F = 7854 × 16 = 125 664 N
```

சுமார் 125.7 கிலோ நியூட்டன், அதாவது 12.8 டன். இந்த அளவு பழைய சிலிண்டருக்கும் புதியதற்கும் ஒன்றே. இதுவரை வாடிக்கையாளர் சொன்னது சரி.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிஸ்டன் கடைசிவரை இறங்கி, ராடு வெளிவரும் முனையை மூடியிருக்கும் கிளாண்டில் உள்ளே முட்டி நின்றுவிட்டால், பிரஷர் 160 பார் காட்டினாலும் ராட்டில் அந்த விசை இறங்காது. எண்ணெய் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் கிளாண்டைத் தள்ளுகிறது, கிளாண்ட் குழாயோடு பிணைந்திருக்கிறது. விசை சிலிண்டருக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடும். ஆகவே காலியாக இறக்கி, முழு ஸ்ட்ரோக்கில் 160 பார் வரை ஏற்றிக் காட்டி “பாருங்க, ராடு அசையல” என்று ஒருவர் சொன்னால், அது சோதனையே இல்லை. ராடு நெளிவது, முழு நீட்டலுக்குச் சற்று முன்பு, வெளியே இருக்கும் பொருள் எதிர்த்து நிற்கும்போதுதான். பெட்டியில் பாசி குறைவாக இருக்கும் நாளில் தகடு 980 மி.மீ. இறங்கியபின் பொதி இறுகக்கூடும். அதனால் முழு நீட்டல் நீளத்தோடு முழுப் பிரஷர் விசையைச் சேர்த்தே கணக்கிடுகிறோம்.

படி 2: நீளத்தை அளப்பது

அளக்க வேண்டியது ஸ்ட்ரோக்கை அல்ல. முழுதாக நீண்ட நிலையில் மேல் பின்னின் மையத்திலிருந்து கீழ் பின்னின் மையம்வரை உள்ள தூரத்தை அளக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். ராடு வெளியே நீட்டியிருக்கும் பகுதியை மட்டும் அளந்துவிட்டு, குழாய் கெட்டியானது, அது எங்கே வளையப்போகிறது என்று நினைப்பார்கள். குழாய் வளையாமல் இருக்கலாம். ஆனால் மேல் பின்னைச் சுற்றி அது தாராளமாகச் சாயும். சாய்ந்தால் கிளாண்ட் இருக்கும் இடம் பக்கவாட்டில் நகரும், ராட்டின் மேல்முனையும் கூடவே போகும்.

நம் சிலிண்டரில் மூடிய நீளம் ஸ்ட்ரோக்கைவிட 300 மி.மீ. அதிகம். பிஸ்டன், கிளாண்ட், இரு கண்கள் எல்லாம் சேர்ந்த தடிமன் அது. எனவே 700 ஸ்ட்ரோக் சிலிண்டர் மூடியிருக்கையில் 1000, நீண்டிருக்கையில் 1700 மி.மீ. 1000 ஸ்ட்ரோக் சிலிண்டர் மூடியிருக்கையில் 1300, நீண்டிருக்கையில் 2300 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 300 கூட்டினால் தூணின் நீளத்தில் 600 கூடுகிறது. ராடு 300 கூடுகிறது, அதை உள்ளே வைத்துக்கொள்ளக் குழாயும் 300 கூடவேண்டும் அல்லவா?

படி 3: எந்த விசையில் நெளியும்

ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் கொடுத்த சூத்திரம் இது. இன்றும் சிலிண்டர் விற்கும் நிறுவனங்களின் கேட்டலாக்குகள் இதைத்தான் அடிப்படையாகக் கொள்கின்றன.

```
I   = π × d⁴ / 64
Fcr = π² × E × I / (K × L)²
```

`Fcr` ராடு நெளியும் விசை. `I` ராட்டின் குறுக்குவெட்டு வளைவை எதிர்க்கும் அளவு. `d` ராட்டின் விட்டம். `E` எஃகின் மீள்தன்மை எண், சதுர மி.மீட்டருக்கு 2,10,000 நியூட்டன். `L` நாம் அளந்த நீளம். `K` முனைகளின் பிடிப்பைப் பொறுத்தது. இரு முனையும் பின்னில் சுழலும்போது அது 1.

50 மி.மீ. ராட்டுக்கு `I` = 3,06,796. இதைப் போட்டால்:

```
L = 1700 mm :  Fcr = 220 kN
L = 2300 mm :  Fcr = 120 kN
```

பழைய சிலிண்டர் நெளிய 220 கிலோ நியூட்டன் வேண்டும், வருவதோ 125.7. 1.75 மடங்கு இடைவெளி. இதுவே தாராளம் இல்லை, ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தது. புதியது 120லேயே நெளியும் என்கிறது கணக்கு. வால்வு திறக்க 125.7 ஆக வேண்டும். அதாவது வால்வு காப்பாற்ற வருவதற்கு முன்பே ராடு போய்விடலாம். போர், ராடு, பம்ப் மூன்றையும் தொடாமல் நீளத்தை மட்டும் கூட்டியதன் விளைவு இது. நீளம் 1.35 மடங்கானது, தாங்கும் விசை அதன் வர்க்கத்தால் குறைந்து கிட்டத்தட்ட பாதியானது.

இந்தச் சூத்திரம் எல்லா ராட்டுக்கும் பொருந்தாது. `K × L` நீளத்தை `d/4`ஆல் வகுத்தால் வருவது மெலிவு விகிதம். நம் சிலிண்டருக்கு 2300 / 12.5 = 184. இஎன்8 போன்ற நடுத்தரக் கார்பன் எஃகுக்கு இது ஏறத்தாழ 90க்கு மேல் இருந்தால் ஆய்லர் சூத்திரம் சரி. அதற்குக் கீழே, குட்டையான ராட்டில், ஆய்லர் நிஜத்தைவிட அதிகமான விசையைக் காட்டி ஏமாற்றும். அங்கே எஃகு விளைந்துவிடுவதையும், அதாவது திரும்ப நிமிராதபடி உருமாறிவிடுவதையும், சேர்த்துப் பார்க்கும் டெட்மேயர் சூத்திரத்துக்கு மாற வேண்டும்:

```
Fcr = (π × d² / 4) × (335 − 0.62 × λ)
```

`λ` என்பது அந்த மெலிவு விகிதம். இந்த 335, 0.62 எண்கள் நடுத்தரக் கார்பன் எஃகு ராட்டுக்குக் கேட்டலாக்குகளில் வருபவை.

படி 4: எத்தனை மடங்கு இடைவெளி வேண்டும்

ஆய்லர் கணக்கு வைத்திருக்கும் ராடு நூல் பிடித்தாற்போல் நேரானது. சுமை அதன் நடு அச்சில் இம்மியும் விலகாமல் இறங்குகிறது. நம் பிரஸ்ஸில் இரண்டுமே நடக்காது. அதனால் நெளியும் விசையை 3.5ஆல் வகுத்து, அதற்குள் வேலை விசை இருக்கும்படி பார்ப்பது சிலிண்டர் கேட்டலாக்குகளில் பரவலான வழக்கம்.

பாசிப் பொதிக்கு அந்த 3.5ஐக் குறைக்காதீர்கள். பெட்டிக்குள் போடும் பாசி எங்கும் ஒரே சீராகக் காய்ந்திருப்பதில்லை. மணலில் விரித்துக் காயவைத்ததில் அடிப்பக்கம் ஈரமாக, உப்புப் படிந்து கட்டியாக இருக்கும், மேல்பக்கம் சருகாக இருக்கும். ஈரக்கட்டி பெட்டியின் ஒரு மூலையில் விழுந்துவிட்டால் தகடு அந்த மூலையில் முதலில் முட்டும். எதிர் விசை ராட்டின் நடுவே வராமல் 50, 100 மி.மீ. தள்ளி வரும். தகடு சாயும், சாய்ந்த தகடு ராட்டை ஒரு பக்கம் இழுக்கும். நெளிவுக்குத் தொடக்கம் கொடுக்க இது போதும். பாசியைப் போடும்போது கட்டிகளை உடைத்து நான்கு மூலைக்கும் பரப்புவது ராட்டுக்குச் செய்யும் பராமரிப்பு.

நம் புதிய சிலிண்டரில் 120ஐ 3.5ஆல் வகுத்தால் 34.3 கிலோ நியூட்டன். பிரஷரில் சொன்னால் 43, 44 பார். அந்த அளவுக்கு வால்வைக் குறைத்தால் ராடு பிழைக்கும், ஆனால் 3.5 டன்னில் பொதி இறுகாது.

“குழாய் கெட்டியாச்சே” என்ற கேள்வி

நியாயமான கேள்விதான். மேலே போட்ட கணக்கு 2300 மி.மீ. முழுவதும் 50 மி.மீ. தண்டே இருப்பதாகக் கொள்கிறது. நிஜத்தில் பாதிக்கு மேல் குழாய். வெளிவிட்டம் 120, உள்விட்டம் 100 என்றால் அந்தக் குழாய் வளைவை எதிர்ப்பதில் ராட்டைப்போல் 17 மடங்கு. குழாய் துளியும் வளையாது என்றே வைத்துக்கொண்டு, ஸ்ட்ரோக் 1000, அதற்கு வெளியே கண்ணின் மையம்வரை 80 என்று வெளியே நீண்டிருக்கும் 1080 மி.மீ. ராடு மட்டும் வளைவதாகக் கணக்கிட்டால் நெளியும் விசை சுமார் 219 கிலோ நியூட்டன் வரும். எளிய சூத்திரம் சொன்னதைப்போல் 1.8 மடங்கு.

ஆனால் இது கிளாண்ட் புஷ்ஷும் பிஸ்டன் வளையமும் துளியும் இடைவெளி இல்லாமல் ராட்டைக் குழாயோடு ஒரே தண்டாகப் பிடித்திருந்தால் கிடைக்கும் எண். புஷ் தேயத் தேய, கிளாண்ட் இருக்கும் இடத்தில் ராடு முறிந்த கைபோல் லேசாக மடங்கும். முழு நீட்டலில் பிஸ்டனும் கிளாண்டும் மிக அருகில் வந்துவிடுவதால் அந்த மடங்கல் அப்போதுதான் அதிகம். அத்தனை சலுகையும் கொடுத்துப் பார்த்தாலும் 219ஐ 125.7ஆல் வகுத்தால் 1.74தான். 3.5க்கு எட்டவே இல்லை. குழாய், ராடு இரண்டின் விறைப்பையும் சிலிண்டரின் சொந்த எடையையும் முறையாகச் சேர்த்துக் கணக்கிட ஐஎஸ்ஓ/டிஎஸ் 13725 என்ற ஆவணம் இருக்கிறது. பெரிய சிலிண்டருக்கும், படுக்கையாகக் கிடந்து தள்ளும் நீண்ட சிலிண்டருக்கும் அந்த வழியில் போவது சரி. பட்டறை அளவில் எளிய சூத்திரம் போதும், அது தவறினாலும் பாதுகாப்பான பக்கமே தவறும்.

படி 5: எதை மாற்றுவது

முதலில் ஒரு தவறான வழியைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பணம் வீணாகும் இடம் அது. “இஎன்8க்குப் பதிலா இஎன்19ல ராடு போட்டா பலமா இருக்கும்” என்பார்கள். விளைவலிமையில் இஎன்19 உயர்ந்ததுதான். ஆனால் ஆய்லர் சூத்திரத்தைத் திரும்பப் பாருங்கள், விளைவலிமை அதில் எங்குமே இல்லை. இருப்பது `E` மட்டும், அது இரண்டு எஃகுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. மெலிந்த ராட்டில் விலை கூடிய எஃகு அதே விசையில்தான் நெளியும்.

பலன் தருவது விட்டம். விட்டத்தின் நான்காம் அடுக்கில் தாங்குதிறன் ஏறுகிறது. 3.5 மடங்கு இடைவெளிக்கு எத்தனை விட்டம் வேண்டும் என்று சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் 69 மி.மீ.க்குச் சற்று மேல் வரும். 70 மி.மீ. ராடு எளிதில் கிடைக்கும் அளவு, 100 போருக்கும் ஒத்துப்போகும்.

```
d = 70 mm, L = 2300 mm :  Fcr = 462 kN
462 / 125.7 = 3.67
```

ஒரு பின்விளைவைக் கவனிக்க வேண்டும். ராடு பருத்தால் ராடு பக்கத்துப் பரப்பு 5890லிருந்து 4006 சதுர மி.மீ. ஆகக் குறைகிறது. தகட்டை மேலே தூக்கும்போது பம்ப் அதே அளவு எண்ணெய்தான் அனுப்பும், ஆனால் பிஸ்டன் வேகமாக ஏறும். மறுபக்கத்திலிருந்து வெளியேறும் எண்ணெய் பம்ப் அனுப்புவதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 50 மி.மீ. ராட்டில் அது 1.33 மடங்காக இருந்தது. டேங்குக்குத் திரும்பும் ஹோஸும் ஃபில்டரும் இதற்குத் தோதாக இருக்கின்றனவா என்று பார்க்காவிட்டால், ராட்டைச் சரிசெய்துவிட்டு ஃபில்டரைக் கெடுத்துக்கொள்வோம்.

இரண்டாவது வழி மாட்டும் விதத்தை மாற்றுவது. மேல் கண்ணை விட்டுவிட்டு, கிளாண்ட் பக்கம் ஃப்ளாஞ்ச் வைத்து அதைக் குறுக்கு பீமில் போல்ட் போட்டுப் பிடித்தால், குழாய் பீமுக்கு மேலே நிற்கும், ராடு மட்டும் கீழே இறங்கும். குழாய் சாய வழியே இல்லை. தூணின் நீளம் 2300லிருந்து 1080க்கு வந்துவிடுகிறது. கூரை உயரம் இருக்கும் கொட்டகையில் இதுதான் எங்கள் முதல் தேர்வு. 50 மி.மீ. ராட்டையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இங்கே `K` எண்ணில் கவனம் வேண்டும். மேல்முனை இறுகப் பிடிக்கப்பட்டு, கீழ்முனை பின்னில் இருந்து, தகடு பக்கவாட்டில் நகரமுடியாமல் வழிகாட்டியில் ஓடினால், பாடப்புத்தகம் 0.7 தரும். கிளாண்ட் புஷ் முழு இறுக்கமான பிடிப்பு இல்லை என்பதால் 1 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மெலிவு விகிதம் 86 ஆகிறது, டெட்மேயர் பக்கம் வந்துவிட்டோம். நெளியும் விசை சுமார் 552 கிலோ நியூட்டன், இடைவெளி 4.4 மடங்கு. தாராளம்.

இப்போது தகட்டுக்கு வழிகாட்டியே இல்லை, ராட்டின் நுனியில் சும்மா தொங்குகிறது என்று வையுங்கள். அதே ராடு, அதே ஃப்ளாஞ்ச். ஆனால் கீழ்முனை எங்கு வேண்டுமானாலும் நகரலாம், `K` இரண்டாகிறது. கணக்கு நீளம் 2160.

```
K = 1 (வழிகாட்டியுடன்) :  Fcr = 552 kN   →  4.4
K = 2 (வழிகாட்டி இல்லை) :  Fcr = 136 kN   →  1.08
```

ஒரு ஜோடி சேனல் வழிகாட்டி 4.4க்கும் 1.08க்கும் இடையே நிற்கிறது. தகட்டின் பக்கங்களில் தேய்மானத் தகடு வைத்து, சேனலுக்கும் அதற்கும் இடைவெளி பக்கத்துக்கு 2 மி.மீ.க்குள் இருக்கும்படி ஷிம் போட்டுச் சரிசெய்யுங்கள். பெட்டிச் சுவரே வழிகாட்டிதானே என்று 10, 15 மி.மீ. இடைவெளியோடு விட்டால், தகடு அந்த இடைவெளி முழுவதும் சாய்ந்து முட்டியபின்தான் சுவர் பிடிக்கும். அதற்குள் ராடு அந்த அளவு ஒதுங்கிவிட்டிருக்கும்.

பழைய முறையிலும் இதே பாடம் உண்டு. இரு முனையும் பின் என்று `K` = 1 எடுத்தது, தகடு பக்கவாட்டில் நகராது என்ற நம்பிக்கையில்தான். வழிகாட்டி இல்லாத தகட்டில் இரு பின் சிலிண்டர் மாட்டினால் சுமை வரும்போது அது நிற்கவே நிற்காது.

கடற்கரை செய்யும் கெடுதல்

உப்புக்காற்றிலும் பாசித் தூசியிலும் ராட்டின் குரோம் பூச்சில் முதலில் ஊசிமுனைப் பழுப்புப் புள்ளிகள் வரும். அந்தப் புள்ளிகள் நெளிவு பலத்தை உடனே குறைக்காது, சீலைத்தான் அறுக்கும். நெளிவுக்கு வரும் கெடுதல் அதைச் சரிசெய்யும் விதத்தில் இருக்கிறது. புள்ளி போக ராட்டை கிரைண்டிங் செய்து 50லிருந்து 48 ஆக்கி, அதற்கேற்ற புஷ்ஷும் சீலும் போட்டுக் கொடுப்பார்கள். எண்ணெய் கசிவு நின்றுவிடும். ஆனால் 48ஐ 50ஆல் வகுத்து, வந்ததை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 0.85. பதினைந்து சதவீதத் தாங்குதிறன் போய்விட்டது, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. விட்டத்தைக் குறைத்த ராட்டுக்குப் படி 3ஐத் திரும்பச் செய்யுங்கள். பழைய அளவுக்கே குரோம் ஏற்றித் தருபவரிடம் கொடுக்க முடிந்தால் அதுவே நல்லது. சிலிண்டர் வாங்கும்போதும் பில்லில் எழுதிய விட்டத்தை நம்பாமல் வெர்னியர் வைத்து ராட்டின் நடுவில் அளந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, பின்கள். கண்ணுக்குள் பின் துருப்பிடித்து இறுகிவிட்டால் அது சுழலாது. சுழலாத முனை பலம்தானே என்று தோன்றும், உண்மையில் தகட்டின் ஒவ்வொரு சாய்வையும் அது ராட்டுக்குள் முறுக்கி அனுப்பும். மாதம் ஒருமுறையாவது கிரீஸ் நிப்பிளில் புதுக் கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள்.

படி 6: ஓட்டிப் பார்ப்பது

கணக்கு 3.5ஐத் தாண்டியபிறகே இந்தச் சோதனை. கணக்கில் தோற்ற சிலிண்டரைச் சோதித்துப் பார்ப்போம் என்று இறங்காதீர்கள். நெளிவு மெதுவாக வருவதில்லை. வளையத் தொடங்கியபின் மேலும் வளைய இன்னும் குறைந்த விசையே போதும், பம்ப் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். முள் சட்டென இறங்கும், அந்த நொடியில் ராடு வில்லாகியிருக்கும். யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது, கம்பிவலைத் தடுப்புக்குப் பின்னால் இருந்து பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள் நடுவில் கெட்டியான மரக்கட்டைகளை அடுக்கி, ஸ்ட்ரோக்கின் கடைசி 20 மி.மீ. மிச்சம் இருக்கும்போது தகடு கட்டையில் உட்காரும்படி செய்யுங்கள். பிஸ்டன் கிளாண்டில் முட்டாமல் இருக்க இந்த 20 மி.மீ. அவசியம். வெளியே நீண்ட ராட்டின் நடுவில், ஒன்றுக்கொன்று செங்கோணமாக இரண்டு டயல் கேஜ் காந்த ஸ்டாண்டில் வையுங்கள். மிகக் குறைந்த பிரஷரில் தகடு உட்கார்ந்ததும் இரண்டையும் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். பிறகு ரிலீஃப் வால்வை 40, 80, 120, 160 பார் என்று ஏற்றி ஒவ்வொன்றிலும் எண்ணைக் குறியுங்கள்.

பார்க்க வேண்டியது எண் எவ்வளவு என்பதைவிட, அது எப்படி ஏறுகிறது என்பதைத்தான். ராட்டில் முன்பே 1 மி.மீ. வளைவு இருப்பதாகக் கொண்டால், எளிய சூத்திரப்படி 70 மி.மீ. ராட்டில் டயல் ஏறத்தாழ 0.07, 0.16, 0.26, 0.37 என்று போகும். ஒவ்வொரு படிக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஏற்றம். அதே வளைவு 50 மி.மீ. ராட்டில் இருந்தால் 0.35, 1.1, 3.6 என்று போய் நான்காவது படிக்கே வராது. உங்கள் டயலில் ஒவ்வொரு படியின் ஏற்றமும் முந்தைய படியின் ஏற்றத்தைப்போல் இரண்டு, மூன்று மடங்கு தாவினால், மூன்றாவது எண்ணுக்குக் காத்திருக்காமல் பிரஷரை இறக்கிவிடுங்கள். வழிகாட்டி இடைவெளி, பின் தேய்வு, கிளாண்ட் புஷ், கட்டை நடுவில் இருக்கிறதா என்பதை இந்த வரிசையில் பாருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் சிலிண்டரில் அறிகுறி

கிளாண்டைச் சுற்றி எண்ணெய் ஒரே பக்கம் மட்டும் கசிந்தால், அல்லது ராட்டில் ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் கீறல் விழுந்தால், ராடு பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. சீலை மட்டும் மாற்றினால் சில வாரங்களில் அதே பக்கம் திரும்பக் கசியும். ராட்டைக் கழற்றி இரண்டு வி-பிளாக்கில் வைத்து, நடுவில் டயல் வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். டயல் காட்டும் மொத்த ஆட்டத்தில் பாதிதான் உண்மையான வளைவு. புதிய குரோம் ராடு மீட்டருக்கு 0.2 மி.மீ. அளவில் நேராக இருக்கும். ஒரு மீட்டரில் 1 மி.மீ. வளைவு கண்டால் அந்த ராடு ஒருமுறை நெளிவின் விளிம்புவரை போய் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதை பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்திக் கொடுக்கச் சொல்வார்கள். நிமிர்த்தலாம், பார்க்க நேராகவும் தெரியும். ஆனால் குரோம் பூச்சில் மயிரிழை வெடிப்புகள் விழுந்திருக்கும், உப்புக்காற்று அதன் வழியே உள்ளே இறங்கும். சூடுகாட்டி நிமிர்த்தினால் மேல்தோலின் கடினமும் போகும். நெளிந்த ராட்டுக்குப் புதிய ராடுதான் போட வேண்டும். புதியதை வெட்டுவதற்கு முன், பழையது ஏன் நெளிந்தது என்று படி 2லிருந்து கணக்கைப் போட்டு, வந்த விட்டத்தைச் சொல்லி ஆர்டர் கொடுங்கள்.